என் பேரையே காணோமே: தாத்தாவின் பேப்பர் கட்டிங்குகளும் ஸ்கேனர் கோளாறுகளும்

தாத்தா முப்பத்தைந்து வருடம் பத்திரிகைகளுக்கு 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுதியவர். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், நூலக நேரம் என்று எதையும் விட்டதில்லை. அச்சாகி வந்ததை எல்லாம் கத்தரித்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 112. சென்ற வருடம் ஏ4 அளவு ஸ்கேனர் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, கம்ப்யூட்டரில் ஆல்பமாக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன். "ஏம்மா, இது சரியா வரலையே." திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு கோளாறுதான். ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லி மாளாமல் அவருக்காக எழுதி வைத்த குறிப்பு இது. போன் வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம்தான் முதலில் இருக்கும்.

பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது

தாத்தாவின் முதல் போன் இதற்குத்தான். தெருவிளக்குக் கடிதத்தின் நடுவே தலைகீழாக ஒரு புடவை விளம்பரம் பேய் மாதிரி நிற்கிறது என்றார்.

முதலில் பேப்பரைக் கையில் எடுத்து வெறும் கண்ணால் பாருங்கள். மேசையில் கிடக்கும்போதே பின்பக்க மை முன்பக்கம் ஊறியிருந்தால் அது பேப்பரின் கறை, ஸ்கேனர் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணுக்குச் சுத்தமாக இருந்து படத்தில் மட்டும் தெரிந்தால் காரணம் ஸ்கேனர் மூடியின் வெள்ளை நிறம். செய்தித்தாள் மெலிசு. விளக்கு வெளிச்சம் அதை ஊடுருவி, வெள்ளை மூடியில் பட்டுத் திரும்பும்போது பின்பக்க எழுத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறது.

ஒரு கறுப்பு அட்டை போதும். கட்டிங்கைக் கண்ணாடியில் கவிழ்த்து, அதன் முதுகில் அட்டையை வைத்து மூடுங்கள். அட்டை கண்ணாடி முழுவதையும் மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். சின்னதாக இருந்தால் வேறொரு தொல்லை வரும், அதை 'கடைசி வரி' தலைப்பில் சொல்கிறேன்.

அட்டை வைத்ததும் படம் மொத்தமும் ஒரு மாத்திரை இருட்டாக வரும். பயப்பட வேண்டாம். படத் திருத்தும் மென்பொருளில் `Levels` என்று இருக்கும், அதில் வலது கோடியிலுள்ள முக்கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்துங்கள். பேப்பர் வெளுக்கும், மிச்சமிருந்த நிழலும் மறையும். எங்கே நிறுத்துவது? எழுத்துகளின் மெல்லிய கோடுகள் உடையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். தாத்தா பேப்பரைப் பால் வெள்ளையாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது வருடத்துப் பேப்பர் கொஞ்சம் பழுப்பாக இருந்தால் என்ன?

மெய்யெழுத்துப் புள்ளிகளைக் காணவில்லை

"கடிதம்னு போட்டது கடிதம-ன்னு வருது" என்றார். தமிழ் கட்டிங் ஸ்கேன் செய்பவர்களுக்கே உரிய தொல்லை இது. ஸ்கேனரோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஸ்கேன் ஜன்னலில் எந்த நிறம் தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். `Black & White` என்றோ 'எழுத்து' என்ற பொருளில் வேறு பெயரிலோ இருந்தால் அதுதான் காரணம். அந்த முறையில் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. மங்கிய மையில் அச்சான சின்னப் புள்ளி வெள்ளைப் பக்கம் விழுந்து காணாமல் போகும். `Color` அல்லது `Grayscale` தேர்ந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நான் எல்லாவற்றையும் `Color`-இல்தான் எடுக்கச் சொல்கிறேன். ஓரத்தில் நீல மையில் எழுதிய தேதியும் சிவப்புக் கோடும் அப்படியே கிடைக்கும்.

நிறம் சரியாக இருந்தும் புள்ளி போகிறதா? `Dust Removal` என்று ஒரு வசதி இயங்குகிறதா பாருங்கள். தூசியை அழிப்பது அதன் வேலை. தூசிக்கும் 'ம்' மேல் உள்ள புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அணைத்துவிடுங்கள்.

அதுவும் இல்லை என்றால் அடர்த்தி, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற டிபிஐ எண், குறைவு. 150 டிபிஐ-யில் எடுத்திருந்தால் 300-க்கு மாற்றுங்கள். பொடி எழுத்துக்கு 600 கூட நல்லது, ஆனால் ஃபைல் நாலு மடங்கு பெருக்கும். ஏ4 பக்கம் ஒன்று வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால், 300-இல் சுமார் 26 எம்பி, 600-இல் 104 எம்பி. 112 கட்டிங்குக்கும் 600 வேண்டியதில்லை. தாத்தா பொடி எழுத்தில் வந்த ஏழு கடிதங்களை மட்டும் அப்படி எடுத்தார்.

புகைப்படத்தின் மேல் அலை அலையாகக் கோலம் தெரிகிறது

கடிதத்தின் பக்கத்தில் புகைப்படமும் வந்திருக்கும் கட்டிங்குகளில்தான் இது வரும். செய்தித்தாள் படம் என்பது நெருக்கமான மைப்புள்ளிகளின் வரிசை. அந்த வரிசையும் ஸ்கேனரின் கட்ட வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது அலை தோன்றுகிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் படத்தை 100% அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். பாதி நேரம் அலை அங்கே இருக்காது. திரையில் சுருக்கிக் காட்டும்போது மட்டும் தோன்றிய மாயம் அது. தாத்தா இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரே கட்டிங்கை நாலு தடவை ஸ்கேன் செய்தார்.

100%-இலும் அலை இருந்தால் ஸ்கேன் ஜன்னலில் `Descreen` என்பதைத் தேடி இயக்குங்கள். சிலவற்றில் அதற்குள் செய்தித்தாள், பத்திரிகை என்று தனித்தனித் தெரிவுகள் இருக்கும், செய்தித்தாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த வசதியே இல்லாத ஸ்கேனர் என்றால் 600-இல் எடுத்து, `Gaussian Blur` 1.5 அளவில் தொடங்கி அலை மறையும்வரை மெல்லக் கூட்டி, அப்புறம் படத்தைப் பாதி அளவுக்குச் சுருக்குங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு வழியும் எழுத்தையும் சேர்த்து மழுக்கும். புகைப்படப் பகுதியை மட்டும் தேர்ந்து மங்கலாக்குங்கள். படமே இல்லாத கட்டிங்கில் `Descreen` பக்கமே போகாதீர்கள்.

கிராப் செய்த பிறகு கடைசி வரியைக் காணவில்லை

இதுதான் பெரிய போன். இரவு ஒன்பதரைக்கு வந்தது. "ஏம்மா, என் பேரையே காணோமே!"

வாசகர் கடிதத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். பத்தி முடியும். கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதற்குக் கீழே, வலது ஓரமாக, சின்னதாக எழுதியவரின் பெயர். தாத்தாவின் ஆல்பத்தில் அன்றுவரை ஏறியிருந்த 41 கடிதங்களில் 17-இல் அந்தப் பெயர் இல்லை. முப்பத்தைந்து வருடம் எழுதியவர் பெயர் தெரியாத மொட்டைக் கடிதக்காரராகிவிட்டார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

இதற்குக் கிளைகள் உண்டு. கிராப் செய்யாத ஸ்கேன் ஃபைலை முதலில் திறந்து பாருங்கள்.

*ஸ்கேன் ஃபைலிலேயே பெயர் இல்லை, பேப்பரில் இருக்கிறது*

ஸ்கேனர் தானாக வெட்டியிருக்கிறது. `Auto Crop` என்ற வசதி பேப்பரின் விளிம்பைத் தேடிப் பிடிக்கப் பார்க்கும். வெளுத்த பேப்பர், வெள்ளை மூடி, இரண்டுக்கும் நடுவே விளிம்பு தெரியாமல், அடர்த்தியாக எழுத்துள்ள இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். வெற்றிடத்துக்குக் கீழே தனியாக நிற்கும் ஒற்றை வரி வெளியே போய்விடும். தாத்தாவின் 17-இல் 12 இப்படிப் போனவை.

அதே கறுப்பு அட்டை இங்கேயும் கைகொடுக்கும். கறுப்பின் மேல் பேப்பரின் விளிம்பு பளிச்சென்று தெரிவதால் ஸ்கேனர் முழு கட்டிங்கையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அட்டை கண்ணாடியைவிடச் சின்னதாக இருந்தால் அட்டையின் விளிம்பையே பேப்பர் என்று எடுத்துக்கொண்டு கறுப்புச் சட்டம் போட்ட படமாகத் தரும். நான் முன்பு சொன்ன தொல்லை அதுதான். எதற்கு வம்பு, `Auto Crop`-ஐ அணைத்து முழுக் கண்ணாடியையும் ஸ்கேன் செய்துவிட்டு, அப்புறம் கையால் வெட்டிக்கொள்வதே மேல்.

*ஸ்கேன் ஃபைலில் பெயர் இருக்கிறது, ஆல்பத்தில் இல்லை*

அப்படியென்றால் வெட்டியது நீங்கள். பெரும்பாலும் கட்டிங் சாய்வாக இருந்திருக்கும். சாய்ந்த படத்தின் மேல் நேரான சதுரம் போட்டால் ஏதாவது ஒரு மூலை வெளியே போயே தீரும், பெயர் இருப்பது மூலையில்தான்.

முதலில் நிமிர்த்துங்கள், அப்புறம் வெட்டுங்கள். நிமிர்த்தும்போது பேப்பரின் ஓரத்தை நம்பாதீர்கள், கத்தரிக்கோல் நேராகப் போயிருக்காது. பத்திகளுக்கு நடுவே உள்ள செங்குத்துக் கோட்டையோ ஏதாவது ஒரு எழுத்து வரியையோ அளவாக வையுங்கள். ஒரே முறையில் சரியான கோணத்தைப் பிடியுங்கள். அரை டிகிரி, மறுபடி அரை டிகிரி என்று நாலு தடவை திருப்பினால் ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் மழுங்கும். வெட்டும்போது பேப்பரின் விளிம்புக்கு வெளியே சுற்றிலும் 40 பிக்சல் விட்டுவிடுங்கள். 300 டிபிஐ-யில் அது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். பேப்பரின் முழு விளிம்பும் படத்தில் தெரிந்தால் எதுவும் வெட்டுப்படவில்லை என்பது பார்த்த உடனே புரியும்.

*வெட்டிய படத்தை அசல் ஃபைலின் மேலேயே சேமித்தாகிவிட்டது*

தாத்தா நாலு கடிதங்களில் இதைச் செய்திருந்தார். மென்பொருள் இன்னும் மூடப்படவில்லை என்றால் `Ctrl+Z` அடித்துப் பாருங்கள். போனிலுள்ள புகைப்பட ஆல்பத்தில் வெட்டியிருந்தால் திருத்தும் பக்கத்தில் `Revert` இருக்கிறதா பாருங்கள், அவற்றில் பல அசலை உள்ளே வைத்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஃபைல் மீட்கும் மென்பொருளைத் தேடி அலையாதீர்கள். பேப்பர் பெட்டியில் இருக்கிறது, எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் ஐந்து நிமிடம். பேப்பரை ஏற்கெனவே எறிந்துவிட்டவர்கள் மட்டும் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேமிக்காமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்கும் ஆளிடம் காட்டுங்கள். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்ட ஃபைல் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

இனிமேல் வராமல் இருக்க இரண்டு ஃபோல்டர் போதும். 'அசல்' ஃபோல்டரில் ஸ்கேன் செய்தது டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில், தொடாமல். 'ஆல்பம்' ஃபோல்டரில் `Save As` கொடுத்து வெட்டிய பிரதி, ஜேபெக் வடிவில். 'அசல்' ஃபோல்டரிலுள்ள ஃபைல்களை `Read-only` ஆக்கிவிட்டேன். அப்புறம் அந்தப் போன் வரவில்லை.

*பெயர் பேப்பரிலேயே தெளிவாக இல்லை*

12-ம் 4-ம் சேர்ந்தால் 16. பதினேழாவது கடிதத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய செல்லோ டேப் ஒட்டி, அது மஞ்சளாகி எழுத்தை மறைத்திருந்தால் உரிக்காதீர்கள். மை டேப்போடு வந்துவிடும். டேப்போடு சேர்த்தே வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், பெரும்பாலும் படிக்க முடியும். பழைய ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட கட்டிங்கையும் பிய்க்க வேண்டாம், ஆல்பப் பக்கத்தையே கண்ணாடியில் கவிழ்த்து எடுங்கள். தொட்டால் பொடியாக உதிர்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது, டேப்பைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும், இந்த மூன்றில் எது இருந்தாலும் அது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரின் வேலை. நாமாக இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் கூடாது. தாத்தா எடுத்தார். பாட்டி பிடுங்கி வைத்துவிட்டார்.

ஓர் இடம் மட்டும் மங்கல், அல்லது எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி

மங்கல் மடிப்பின் மேல் இருந்தால் பேப்பர் கண்ணாடியைத் தொடவில்லை. மெல்லிய ஸ்கேனர்கள் பலவற்றுக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும். அட்டையின் மேல் ஒரு தட்டையான புத்தகம் வைத்து மூடுங்கள், அது கண்ணாடி தாங்கும் எடையாக இருக்கட்டும். ரொம்பச் சுருண்ட கட்டிங்கை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகம் அடுக்கி ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி என்றால் கண்ணாடியில் தூசி. பஞ்சு உதிராத துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள், திரவத்தை நேராகக் கண்ணாடியில் தெளிக்காதீர்கள். துடைத்தும் போகாமல் கண்ணாடிக்கு அடியில் மூட்டம் தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

ஆல்பத்தில் வரிசை குழம்பிக் கிடக்கிறது

1991 கடிதத்துக்கு அடுத்து 1968 வருகிறது என்றார். ஆல்ப மென்பொருள் படம் 'எடுத்த' தேதியைப் பார்த்து அடுக்கும். அதற்குத் தெரிந்தது நீங்கள் ஸ்கேன் செய்த தேதிதான்.

எளிய வழி ஃபைல் பெயர். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் `1968-11-05.jpg` என்று வைத்துப் பெயர்ப்படி அடுக்கச் சொன்னால் போதும். நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். பெயரைப் பொருட்படுத்தாத ஆல்பம் என்றால் படத்துக்குள் பதிந்த தேதியையே மாற்ற வேண்டும். அதற்கு exiftool என்ற இலவச மென்பொருளை நிறுவி, கட்டளை ஜன்னலில் இப்படி அடியுங்கள்:

```
exiftool "-DateTimeOriginal=1968:11:05 12:00:00" 1968-11-05.jpg
```

இதைச் செய்தால் பழைய ஃபைல் `_original` என்ற வால் பெயரோடு பக்கத்திலேயே இருக்கும், சரிபார்த்த பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

தேதியே எழுதாத கட்டிங்கும் உண்டு. பின்பக்கத்தைத் திருப்புங்கள். விளம்பரமோ பாதிச் செய்தியோ காலத்தைக் காட்டிக்கொடுக்கும், அதனால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். எழுத்து வடிவமும் உதவும். தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' இருந்தால் அது எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த 1978-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை மட்டும் வைத்து வருடத்தை முடிவு செய்யக் கூடாது. அதற்கு முன்பே மாறிய இதழ்களும் உண்டு, தாமதமாக மாறியவையும் உண்டு.

பதினேழாவது கடிதம்

தெருவிளக்குக் கடிதம்தான் அது. அவருடைய முதல் கடிதம். அட்டை வைத்தோம், `Auto Crop` அணைத்தோம், 600-இல் எடுத்தோம். பெயர் வரவில்லை. பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கீழ் வலது மூலையில் நெல்லிக்காய் அகலத்துக்கு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்தது இல்லை, கத்தரிக்கோல்.

தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான்தாம்மா வெட்டினேன். பேரை மட்டும் பர்ஸில வெச்சிருந்தேன். பஸ்ல, ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுவேன். பாதி வருஷத்தில தூளாயிடுச்சு."

இதற்கு எந்தத் தலைப்பிலும் தீர்வு இல்லை. கணினியில் அதே எழுத்துருவில் பெயரைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்புறம் வரும் பேரப்பிள்ளைகளுக்கு எது அச்சானது, எது நாம் சேர்த்தது என்று தெரியாமல் போகும். அவரும் ஒத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் துண்டுத்தாளில் தன் பெயரையும் தேதியையும் நீல மையில் எழுதி, கறுப்பு அட்டையின் மேல், கட்டிங்கின் வெட்டுப்பட்ட மூலைக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தார். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுக்கலாம் என்றார்.

மறுநாள் போன். "ஏம்மா, என் பேர் தனிப் படமா வந்திருக்கு."

`Auto Crop` மறுபடி இயங்கிக்கொண்டிருந்தது. ஒரே கண்ணாடியில் இடைவெளி விட்டு இரண்டு தாள் இருந்தால் அது இரண்டு படமாகப் பிரிக்கும். அணைத்துவிட்டு இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன்.